மாணவர் போடும் மதிப்பெண்ணைப் பதிவேட்டில் ஏற்றாதீர்கள்: ஓர் அறிவியல் ஆசிரியையின் திறந்த மடல்

மதிப்பிற்குரிய மதிப்பீட்டுக் குழுவினருக்கு,

வணக்கம். வேலூர் மாவட்டத்தில் பாலாற்றங்கரையை ஒட்டிய ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். மாணவர்களே வினா எழுதி, ஒருவர் வினாவுக்கு மற்றவர் விடையளித்து, தங்களுக்குள் மதிப்பெண் போட வேண்டும் என்ற உங்கள் சுற்றறிக்கையைப் பற்றியே எழுதுகிறேன். அந்த முறையை நான் எதிர்க்கவில்லை. ஆனால் ஆளுக்குப் பத்து வினா, ஒரே பாடவேளை, அன்று மாலைக்குள் மதிப்பெண் பதிவேற்றம் என்று நீங்கள் வகுத்த விதத்தால் சென்ற வாரம் என் வகுப்புப் பிள்ளை ஒருத்திக்கு அநீதி நடந்துவிட்டது.

பாடம், பாய்மங்கள். நாற்பது நிமிடத்தில் பத்து வினா எழுதச் சொன்னால் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? புத்தகத்தின் வரியை எடுத்து நடுவில் ஒரு சொல்லை உருவிவிட்டுக் கோடிட்ட இடமாக்கினார்கள். ஒருத்தி மட்டும் தன் வீட்டுக் கிணற்றிலிருந்து ஒரு வினாவைக் கொண்டுவந்தாள்: நிரம்பிய வாளி நீருக்குள் இருக்கும்வரை இலேசாக இருந்து, நீர்மட்டத்துக்கு மேலே வந்ததும் கனப்பது ஏன்? அவள் கொடுத்த விடைகள்: (அ) நீருக்குள் வாளியின் நிறை குறைகிறது, (ஆ) நீர் அதை மேல்நோக்கித் தள்ளுகிறது, (இ) நீருக்குள் புவியீர்ப்பு இல்லை, (ஈ) கயிறு நனைந்துவிடுகிறது.

அன்று எழுதப்பட்டவற்றுள் சிறந்த வினா அதுதான். ஆனால் சரியான விடை என்று அவள் குறித்து வைத்திருந்தது (அ). பக்கத்துப் பெஞ்சுப் பிள்ளை (ஆ) என்று எழுதி, சுழியம் வாங்கினாள். மறுநாள் காலை அவள் புத்தகத்தை விரித்து, மிதப்பு விசை பற்றிய வரியின் மேல் விரலை வைத்தபடி என் மேசைக்கு முன்னால் நின்றாள். அவள் சொன்னதே சரி. நிறை மாறுவதில்லை, மேல்நோக்கு விசையால் எடை குறைந்ததுபோலத் தோன்றுகிறது, அவ்வளவுதான். இருந்தும் பதிவேற்றிய மதிப்பெண்ணைத் திருத்த வழியில்லை என்று இணையதளம் சொல்லிவிட்டது. சரியாகப் படித்த பிள்ளையிடம் நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள்.

இதில் பாழானது ஒரு மதிப்பெண் மட்டுமன்று. வினா எழுதியவள் நிறையையும் எடையையும் குழப்பிக்கொண்டிருக்கிறாள் என்பதை அந்தத் தவறான குறிப்புதான் எனக்குக் காட்டியது. அதைக் கண்டுபிடிக்கத்தானே இந்தப் பயிற்சி? பதிவேற்றும் அவசரத்தில் அது யார் கண்ணிலும் படாமல் போயிருக்கும்.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான்: மாணவர் போடும் மதிப்பெண்ணைப் பதிவேட்டில் ஏற்றாதீர்கள், இரண்டு பாடவேளை கொடுங்கள். முதல் வேளையில் ஆளுக்கு ஒரே ஒரு வினா போதும். ஆனால் சரியான விடைக்குக் காரணமும், ஒவ்வொரு தவறான விடையையும் எப்படி எண்ணுகிறவர் தேர்ந்தெடுப்பார் என்று ஒரு வரியும் எழுத வேண்டும். அந்த வரியை எழுத உட்காரும்போதுதான் 'கயிறு நனைந்துவிடுகிறது' என்பதை யாருமே நம்பமாட்டார்கள் என்று எழுதியவருக்கே தெரியவரும். பிறகு விடைக்குறிப்பைப் பார்க்காமல் இருவர் அந்த வினாவுக்கு விடையளிக்கட்டும். இருவரில் ஒருவரது விடை குறிப்போடு மாறுபட்டாலும் அது ஆசிரியர் மேசைக்கு வரட்டும். அன்று இந்த ஒரு படி இருந்திருந்தால் அந்தப் பிள்ளை என் முன்னால் வந்து நின்றிருக்கவே மாட்டாள்.

இரண்டாம் வேளையில் பெயரை நீக்கி, எண் மட்டும் இட்ட தாளில், திருத்திய வினா வேறு நான்கைந்து பேரிடம் செல்லட்டும். பெயர் தெரிந்தால் தோழிக்கு முழு மதிப்பெண்ணும் சண்டை போட்டவளுக்குச் சுழியமும் விழுவதை நான் கண்ணால் பார்த்தேன். விடையளிப்போரும் காரணம் எழுத வேண்டும். குருட்டாம்போக்கில் குறித்தது எது என்று அப்போதுதான் தெரியும். யாரும் தொடாத விடையை எழுதியவரே மாற்றட்டும். நான்கைந்து பேரின் விடையை வைத்து ஒரு வினாவைக் கடினம் என்றோ எளிது என்றோ தீர்ப்புச் சொல்ல முடியாது என்பதும் உண்மை. அதற்கு அடுத்த பிரிவுக்கும் கொடுத்துப் பார்க்க வேண்டும். மதிப்பெண் தந்தே ஆக வேண்டுமென்றால், எழுதிய காரணங்களுக்கும் திருத்திய வினாவுக்கும் ஆசிரியர் தரட்டும்.

இரவு பத்து மணிக்கு வாட்ஸப்பில் வரும் சுற்றறிக்கைக்கு மறுநாள் மாலைக்குள் புகைப்படத்தோடு சான்று கேட்கிறீர்கள். வகுப்பில் என்ன நடந்தது என்று ஒருவரும் கேட்பதில்லை. அது வேறு மனக்குறை; பொறுத்தருளுங்கள்.

மீண்டும் பணிவோடு கேட்கிறேன். மாணவர் போடும் மதிப்பெண்ணைப் பதிவேட்டில் ஏற்றாதீர்கள்; இரண்டு பாடவேளை கொடுங்கள். அந்தப் பிள்ளையின் சுழியத்தைத் திருத்துவதற்காக இணையதளத்தை ஒரு நாள் மட்டுமாவது திறந்துவிடுங்கள். அவள் தினமும் வந்து கேட்கிறாள்.

இப்படிக்கு,
ஓர் அறிவியல் ஆசிரியை,
வேலூர் மாவட்டம்