நோயாளியின் படுக்கைச்சீட்டு இலக்கம் கேட்காதீர்கள்: தாதியக் கட்டுரை மதிப்பீட்டுக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மதிப்பீட்டுக் குழுவினருக்கு,

வணக்கம். இம்முறை திரும்பி வந்த நோயாளர் கற்கைக் கட்டுரைகளின் உசாத்துணைப் பட்டியலில் ஒரே சிவப்புக் குறிப்பு: "பி.எச்.டி இலக்கம் எங்கே?" நீங்கள் கேட்பது நோயாளியின் படுக்கைச்சீட்டு இலக்கத்தை. அதற்காகப் புள்ளியும் குறைத்திருக்கிறீர்கள். தயவுசெய்து அந்த இலக்கத்தைக் கேட்பதை நிறுத்துங்கள்.

உசாத்துணைப் பட்டியல் வாசகர் தேடி எடுக்கக்கூடிய வெளியீடுகளுக்கானது. நோயாளியின் படுக்கைச்சீட்டு அப்படியானதல்ல. அதன் இலக்கம் கிடைத்தால், வைத்தியசாலைப் பதிவேட்டைத் தொடக்கூடிய எவரும் பெயரையும் விலாசத்தையும் எடுத்துவிடலாம். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் உடல்நலத் தரவை விசேட வகையாகவே வைத்திருக்கிறது.

பெயரை அழித்தால் போதும் என்ற எண்ணமும் பிழை. உதாரணத்துக்கு எலிக்காய்ச்சல் நோயாளி ஒருவரை எடுங்கள். "47 வயது, வெல்லாவெளி விவசாயி, ஜனவரி 12 இல் அனுமதி, பின்னர் டயாலிசிஸ்" என்று எழுதினால் அந்த ஊரார் ஆளைச் சொல்லிவிடுவார்கள். "நாற்பதுகளில் உள்ள ஆண், வயல் வேலை செய்பவர், காய்ச்சலின் 6 ஆம் நாள் அனுமதி, 8 ஆம் நாள் டயாலிசிஸ்" என்று எழுதினால் ஊரும் திகதியும் போய்விடும், மருத்துவம் அப்படியே நிற்கும். வயல் வேலையை விடக்கூடாது, தொற்று வந்த வழி அது. நாள் கணக்கையும் விடக்கூடாது, சிறுநீரகம் எவ்வளவு விரைவாகப் பாதிக்கப்பட்டது என்பதை அதுதான் காட்டுகிறது. மறைக்கிறோம் என்று ஆணைப் பெண்ணாக்குவதும் கிரியாட்டினின் அளவை மாற்றுவதும் பொய்த் தரவு. தேவையற்றதை நீக்கலாம், இருப்பதைத் திரிக்கக்கூடாது.

சஞ்சிகையில் வெளியான நோயாளர் அறிக்கை வேறு விடயம். அதன் ஆசிரியர் பெயர், ஆண்டு, தலைப்பு, சஞ்சிகை, தொகுதி, பக்கம், டி.ஓ.ஐ எல்லாம் அச்சில் உள்ளபடியே வரவேண்டும். தலைப்பில் நோயாளியின் வயது இருந்தாலும் கை வைக்கக்கூடாது. அந்தத் தலைப்பில் வயதை வெட்டிய மாணவருக்கு முழுப் புள்ளியும், வெட்டாதவருக்குக் குறைவும் கொடுத்திருக்கிறீர்கள். இதைப் பார்த்த மாணவர் அடுத்த முறை எதைச் செய்வார்?

ஒரே எல்லைதான் உண்டு. அறிக்கையில் வந்த நோயாளியை மாணவர் தானே பராமரித்திருந்தாலும், அச்சில் இல்லாத எதையும் சேர்க்கக்கூடாது. "இவர் எங்கள் விடுதியில் இருந்தவர்" என்ற ஒரு வரிகூட அடையாளம்தான்.

நோயாளி உண்மையானவரா என்ற உங்கள் கவலை நியாயமானது. அதற்கு விடுதி மேற்பார்வையாளரின் கையொப்பம் போதும். அதைக் கட்டுரையோடு இணைக்காமல் தனித்தாளில் வாங்கிப் பூட்டி வையுங்கள்.

படுக்கைச்சீட்டு இலக்கம் கேட்பதை நிறுத்தி, குறைத்த புள்ளிகளை மீளப் பார்க்குமாறும், ஏற்கெனவே இலக்கம் எழுதப்பட்ட பிரதிகளில் அதை அழித்துவிடுமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
விடுதிப் பயிற்சியை மேற்பார்வை செய்யும் தாதிய உத்தியோகத்தர்கள் சிலர்,
மட்டக்களப்பு