ஒரு லைசென்ஸ், இரண்டு கம்ப்யூட்டர்: மென்பொருள் நிறுவனத்தின் உரிமப் பிரிவுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

மதுரையில் வீட்டிலிருந்தே டிசைன் வேலை பார்க்கிறேன். கல்யாணப் பத்திரிகைதான் அதிகம். உங்கள் வரைகலை மென்பொருளை முழு விலை கொடுத்து, ஜிஎஸ்டி பில்லோடு வாங்கியிருக்கிறேன். வீட்டில் டெஸ்க்டாப், வெளியே போனால் லேப்டாப். இரண்டும் என்னுடையவை, இரண்டிலும் வேலை செய்வது நான் ஒருவன்தான். ஒரு லைசென்ஸ் இந்த இரண்டுக்கும் செல்லுமா? இதையே மின்னஞ்சலில் இரண்டு முறை கேட்டேன். இரண்டு முறையும் உங்கள் விலைப்பட்டியல்தான் பதிலாக வந்தது. அதனால்தான் இப்போது எல்லோரும் பார்க்க எழுதுகிறேன்.

கேள்வி எங்கே முளைத்தது என்று சொல்லிவிடுகிறேன். வைகாசியில் ஒரு பத்திரிகை வேலையாகச் சிவகாசி பிரஸ்ஸுக்குப் போயிருந்தேன். திருமங்கலம், விருதுநகர் வழியாகப் பஸ்ஸில் இரண்டு மணி நேரம். பிளேட் போடப் போகிற நேரத்தில் பெண் வீட்டாரிடமிருந்து போன்: தாய்மாமன் இனிஷியல் ‘சு’ இல்லை, ‘சூ’. தாய்மாமன் பெயரில் பிழை வந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பிரஸ்ஸுக்கு நாங்கள் கொடுக்கும் ஃபைலில் எழுத்தையெல்லாம் கர்வ் ஆக்கித்தான் கொடுப்போம். இல்லாவிட்டால் அங்கே அந்த ஃபான்ட் இல்லாமல் எழுத்து சிதறிவிடும். கர்வ் ஆனபின் அது எழுத்தல்ல, வெறும் கோடு. திருத்துவதென்றால் என் மூல ஃபைலில்தான் திருத்த வேண்டும். சரி என்று லேப்டாப்பைத் திறந்தால், திரையில் Activation limit reached.

இரண்டு கம்ப்யூட்டர் வரை ஆக்டிவேட் செய்யலாம் என்று உங்கள் விற்பனைப் பிரிவில் ஒருவர் போனில் சொல்லியிருந்தார். என்னிடம் இருப்பதும் இரண்டுதான். மூன்றாவது எங்கிருந்து வந்தது? வீட்டுக்கு வந்து கணக்கில் நுழைந்து பார்த்தபோதுதான் புரிந்தது. முந்தின மாதம் டெஸ்க்டாப்பில் டிஸ்க் செத்துப்போய், புது டிஸ்க் போட்டு விண்டோஸை மறுபடி ஏற்றியிருந்தேன். ஆக்டிவேட் செய்யும்போது உங்கள் மென்பொருள் டிஸ்க் போன்ற பாகங்களை வைத்து ஒரு அடையாளம் உண்டாக்கிக்கொள்கிறது. டிஸ்க் மாறியதும் அடையாளமும் மாறிவிட்டது. அதே மேசை, அதே பெட்டி, ஆனால் உங்கள் சர்வருக்கு அது வேறு கம்ப்யூட்டர். பழைய டெஸ்க்டாப், புது டெஸ்க்டாப் இரண்டும் இடத்தைப் பிடித்துக்கொண்டன. நடுவில் ஒருமுறை நெட்டில் சரிபார்த்தபோது லேப்டாப் வெளியே போய்விட்டது. டீஆக்டிவேட் பட்டன் மென்பொருளுக்குள்ளேதான் இருக்கிறது. செத்துப்போன டிஸ்க்கில் போய் எந்தப் பட்டனை அழுத்துவது?

இதற்குப் பிறகுதான் உங்கள் உரிம ஒப்பந்தத்தை உட்கார்ந்து படித்தேன். ஓரிடத்தில் ‘ஒரு கம்ப்யூட்டர்’ என்கிறது. வாங்கும் பக்கத்தில் ‘ஒரு பயனர்’ என்கிறது. இரண்டும் ஒன்றல்ல. கம்ப்யூட்டருக்குத்தான் லைசென்ஸ் என்றால் என் லேப்டாப்பில் அது இருப்பதே தவறு. ஆளுக்குத்தான் என்றால், நான் எந்தக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தாலும் சரி. 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு பாதுகாப்புக்கு ஒரு பிரதி எடுத்து வைக்க அனுமதிக்கிறது. ஆனால் அந்தப் பிரதியை இன்னொரு கம்ப்யூட்டரில் ஓட்டி அன்றாடம் வேலை பார்ப்பதை அதில் சேர்க்க முடியாது என்றுதான் எனக்குப் படுகிறது. அதனால் உங்கள் வார்த்தைதான் எனக்கு ஆதாரம்.

ஆகவே, ஒரே ஆள் இரண்டு கம்ப்யூட்டரில், ஒரு நேரத்தில் ஒன்றில் மட்டும் வேலை செய்தால் ஒரு லைசென்ஸ் போதுமா? வீட்டில் டெஸ்க்டாப்பை அணைக்காமல், மென்பொருளும் திறந்தபடியே இருக்க நான் பிரஸ்ஸில் லேப்டாப்பைத் திறந்தால், அதை ஒரே நேரத்தில் இரண்டு பயன்பாடு என்று எண்ணுவீர்களா? பில் என் கடைப் பெயரில் இருக்கிறது. அப்படியென்றால் ‘பயனர்’ யார், நானா கடையா? முகூர்த்த சீசனில் அண்ணன் மகன் வந்து லேப்டாப்பில் உட்கார்ந்தால் அது இரண்டாவது ஆள்தான், அதற்கு இன்னொரு லைசென்ஸ் வாங்க வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதைப் பற்றிக் கேட்கவில்லை.

அப்புறம், செத்துப்போன கம்ப்யூட்டரை என் கணக்கிலிருந்தே நீக்க ஒரு வழி வையுங்கள். வருடத்துக்கு இத்தனை முறைதான் என்று வரம்பு வைத்தாலும் பரவாயில்லை. ஞாயிற்றுக்கிழமை பிரஸ் வாசலில் நின்றுகொண்டு உங்கள் அலுவலகம் திறக்கக் காத்திருக்க முடியாது.

பதிலைப் போனில் சொல்லாதீர்கள். ஒப்பந்தத்தில் எந்தப் பிரிவு என்று குறிப்பிட்டு மின்னஞ்சலில் அனுப்புங்கள். பில்லோடு சேர்த்து வைத்துக்கொள்கிறேன். இப்போது ஆடி, கல்யாண வேலை இல்லை. ஆவணி பிறந்ததும் மறுபடி சிவகாசிப் பஸ். அதற்குள் பதில் வராவிட்டால் டெஸ்க்டாப் பெட்டிக்கும் சேர்த்து டிக்கெட் எடுக்க வேண்டியதுதான்.

இப்படிக்கு,
மதுரையிலிருந்து ஒரு டிசைனர்