கை மடித்தால் காற்று வருமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் கோடைக்கால உடைகள் பற்றி வந்த குறிப்பில், முழுக்கைச் சட்டையை முழங்கை வரை மடித்துவிட்டால் அரைக்கைச் சட்டை போட்டதற்குச் சமம் என்று ஒரு வரி இருந்தது. நான் ஈரோட்டில் தையல் கடை வைத்திருப்பவன். அந்த வரியை மட்டும் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

அரைக்கையில் துணி முழங்கைக்கு மேலேயே முடிந்துவிடுகிறது. மடித்த கையில் அதே துணி போகாமல் ஓரிடத்தில் குவிந்து நிற்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கட்டில் பட்டன் போடும் கஃப் என்பது இரண்டு துணி, நடுவில் விறைப்புக்குக் கேன்வாஸ், ஆக மூன்று அடுக்கு. அதை ஒரு முறை மேலே திருப்பினால் அடியில் இருக்கும் கைத்துணியையும் சேர்த்து நான்கு. அதற்குப் பிறகு ஒவ்வொரு மடிப்புக்கும் ஓர் அடுக்கு கூடும். கஃப்பின் அகலம் இரண்டரை அங்குலம், மணிக்கட்டிலிருந்து முழங்கை ஏறக்குறைய பத்து அங்குலம். கஃப் அகலத்துக்கே மடித்துக்கொண்டு போனால் நான்கு மடிப்பு வேண்டும். அப்போது கையைச் சுற்றி ஏழு அடுக்கு, அதில் ஒன்று விறைப்பான கேன்வாஸ். மணிக்கட்டுக்குக் காற்று கிடைத்தது உண்மைதான். ஆனால் முழங்கையைச் சுற்றி ஒரு பட்டை வெந்துகொண்டிருக்கும்.

இன்னொன்றும் நடக்கிறது. அரைக்கையின் வாய் அகலமானது. கையை வீசும்போதெல்லாம் உள்ளே இருக்கும் சூடான காற்று வெளியே போகும். இறுக்கி மடித்த கையில் அந்த வாய் அடைபட்டுவிடுகிறது. மேல்கையில் வரும் வியர்வை காயக் காற்றோட்டம் குறைந்துவிடுகிறது. மடித்தவருக்கு அக்குள் ஈரம் குறையாதது இதனால்தான்.

என் வாடிக்கையாளர் ஒருவர் வசூல் வேலைக்காக நாள் முழுக்க பைக்கில் சுற்றுபவர். முழங்கைக்குச் சற்றுக் கீழே இரண்டு கையிலும் வளையம் போட்டதுபோல் சிவந்து அரிக்கிறது, துணிச் சாயம்தான் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிக்கொண்டு வந்தார். சாயத்தால் ஒவ்வாமை வருவது உண்டு, குறிப்பாகப் பாலியஸ்டரில். ஆனால் அது வழக்கமாக அக்குள், கழுத்து, முழங்கையின் உள்மடிப்பு என்று துணி உரசி வியர்க்கிற பல இடங்களில் தலைகாட்டும். இவருக்கோ மடிப்பு உட்காரும் இடத்தில் மட்டும். அளந்து பார்த்தேன். கஃப் பட்டன் போட்டால் சுற்றளவு ஒன்பதரை அங்குலம். அவர் முன்னங்கை பருமனான இடத்தில் பத்தே முக்கால். பட்டனைக் கழற்றச் சோம்பல்பட்டு, போட்டபடியே மேலே தள்ளி மூன்று மடிப்பு மடித்திருக்கிறார். ஒன்றேகால் அங்குலக் குறையைச் சதைதான் அமுங்கி ஈடுகட்ட வேண்டியிருந்தது. போதாததற்கு பாலியஸ்டர் கலந்த துணி. பருத்தி ஈரத்தைத் தனக்குள் இழுத்துக்கொள்ளும். பாலியஸ்டர் அநேகமாக இழுப்பதே இல்லை. வியர்வை தோலிலேயே நின்றது, கைப்பிடியை முறுக்கும்போதெல்லாம் மடிப்பின் விளிம்பு அதன்மேல் உரசியது. சிவப்பு தணியாவிட்டால் தோல் மருத்துவரைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு, மடிக்கும் விதத்தை மாற்றிக் கொடுத்தேன்.

எப்படி என்றால், முதலில் கஃப் பட்டனையும், அதற்கு மேலே பிளவில் இருக்கும் சின்ன பட்டனையும் கழற்றிவிட வேண்டும். இந்தச் சின்ன பட்டனைப் பலர் கண்டுகொள்வதே இல்லை. அது கழன்றால்தான் வளையம் முழுசாகத் திறக்கும். அப்புறம் கஃப்பைச் சின்னச் சின்னதாகச் சுருட்டாமல், ஒரே தூக்காக ஏழு அங்குலம் மேலே திருப்பிவிட வேண்டும். பிறகு கீழ்விளிம்பை மூன்று அங்குலம் மேலே மடித்தால் போதும், கஃப்பின் மேல்நுனி மட்டும் ஓர் அங்குலம் எட்டிப் பார்க்கும். இரண்டே மடிப்பில் அதே பத்து அங்குலம் ஏறிவிட்டது. கீழ்விளிம்பில் நான்கு அடுக்குதான், அதில் கேன்வாஸே கிடையாது. கேன்வாஸ் மேலே, வெளிப்பக்கமாகப் போய்விட்டது. மடிப்பு சரியாக முழங்கையின் உள்குழியில் உட்காரக் கூடாது. கையை மடக்கும்போதெல்லாம் நசுங்கும். இரண்டு விரல் கீழே நிறுத்துங்கள், இல்லாவிட்டால் தாண்டி மேலே கொண்டுபோங்கள்.

மடிப்பு நழுவாமலிருக்க உள்ளே பட்டி வைத்து வெளியே பட்டன் போடும் சட்டைகளும் வருகின்றன. நல்ல ஏற்பாடு. ஆனால் அந்தப் பட்டி தோலோடு ஒட்டிக் கிடப்பது. அதைச் சதுரமாகத் தைத்து நடுவில் குறுக்குத் தையல் போட்டிருப்பார்கள், அந்த முடிச்சு மேல்கையைக் குத்துகிறதா என்று வாங்கும்போதே விரலால் தடவிப் பாருங்கள்.

காலர் விஷயத்தில் உங்கள் குறிப்போடு எனக்குச் சண்டையில்லை. மேல் பட்டனைத் திறந்தால் சட்டைக்குள் ஏறிவரும் சூடு கழுத்து வழியாக வெளியேறும். ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்லலாம். பட்டன் போட்டிருக்கும்போது காலரின் அடிப்பட்டி கழுத்தைச் சுற்றி ஒரே சீராகத் தொடுகிறது. திறந்ததும் முன்பக்கம் விலகி, பாரம் பிடரிக்கும் பக்கவாட்டுக்கும் போய்விடுகிறது. தொண்டைக்கு முன்னால் இருந்த பட்டி நுனி இப்போது காறை எலும்புக்கு மேலே, கழுத்தின் ஓரத்தில் படுகிறது. தலையைத் திருப்பும்போது ஒரு பக்கம் மட்டும் அறுப்பதுபோல் இருந்தால் காரணம் அந்த நுனிதான். எப்போதும் திறந்தே போடுபவர்கள் தைக்கக் கொடுக்கும்போதே சொல்லிவிட்டால் மெல்லிய கேன்வாஸ் வைத்து, நுனியை வளைவாக வெட்டிவிடுவோம். அடிப்பட்டியே இல்லாமல் தோளில் படுத்துக்கிடக்கும் காலரும் உண்டு, அந்தக் காலத்து புஷ் ஷர்ட் மாதிரி. வெயிலுக்கு எனக்குப் பிடித்தது அதுதான், கல்யாண வீட்டுக்கு எடுபடாது என்பது வேறு கதை.

நம் ஊர் ஆண்கள் பிடரியில் காலருக்குள் கர்ச்சீஃப் செருகுவதைக் கேலி செய்பவர்கள் உண்டு. திறந்த காலருக்கு அது பொருத்தமான காரியம். பாரம் முழுக்க உட்காரும் இடம் அதுதான், அழுக்குக் கோடு விழுவதும் அங்கேதான். பட்டன் போட்ட காலரில் செருகினால் கழுத்துதான் இறுகும்.

நாள் தவறாமல் மடித்தே போடுபவர்களிடம் நான் சொல்வது, முழுக்கை தைக்காதீர்கள் என்பதுதான். ஏற்கெனவே தைத்துவிட்டவர்கள் கஃப்பிலிருந்து கேன்வாஸை எடுத்துத் தரச் சொல்கிறார்கள். தைத்து வைத்த கேன்வாஸ் என்றால் பிரித்து எடுக்கலாம். இப்போது பெரும்பாலும் சூட்டில் ஒட்டுகிற கேன்வாஸ். பிய்த்தால் பசை துணியிலேயே தங்கி, சொரசொரவென்று இன்னும் மோசமாகும். அதற்குக் கையை அரைக்கையாக வெட்டிவிடுவது மேல். வெட்டிய துணியைத் தையற்காரரிடமே விட்டுவிடாமல் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். காலர் நைந்துபோகும் காலத்தில் அதிலேயே புதுக் காலர் போட்டுவிடலாம்.

இப்படிக்கு,
ஒரு தையற்காரர்,
ஈரோடு