ஆண்டறிக்கை: ஒரு ரிலே பலகை, இரண்டு கோளாறுகள்

பொதுக்குழு உறுப்பினர்களுக்கு வணக்கம்.

இந்த ஆண்டின் செய்முறைக் கூட்டங்கள் பெரும்பாலும் ஒரே பலகையைச் சுற்றி நடந்தன. அதில் 12 வோல்ட் ரிலே ஒன்றும், அதை இயக்கும் பிசி 547 டிரான்சிஸ்டரும் உண்டு. ரிலேயின் தொடுமுனை வழியாக இன்னொரு சுற்றுக்கு மின்சாரம் போகிறது. அந்தச் சுற்றின் வாசலில் 1000 மைக்ரோஃபாரட் மின்தேக்கி நிற்கிறது. இப்படிப்பட்ட பலகை பழுதாகிப் பழுதுநீக்கு மேசைக்கு வந்தால் புகார் ஒன்றுதான்: ரிலேயை அணைத்தாலும் சுமை அணைவதில்லை.

புகார் ஒன்றானாலும் காரணம் இரண்டு. டிரான்சிஸ்டர் குறுக்காகிப் போயிருக்கலாம், அல்லது தொடுமுனைகள் உருகி ஒட்டியிருக்கலாம். அணைக்கும் கட்டளை கொடுத்துவிட்டு, ரிலே சுருளின் இரு முனைகளுக்கிடையே மல்டிமீட்டரை வையுங்கள். 12 வோல்ட் காட்டினால் டிரான்சிஸ்டர் போய்விட்டது. சுழி காட்டியும் சுமைக்கு மின்சாரம் போனால் தொடுமுனை ஒட்டியிருக்கிறது. முதல் கோளாறு ரிலேயை அணைக்கும் கணத்தில் உருவாகிறது, இரண்டாவது போடும் கணத்தில்.

முதலில் அணைக்கும் கணம். சுருளின் மின்தடை 400 ஓம். எனவே ஓடுவது 30 மில்லி ஆம்பியர். தூண்டல் அளவைக் கணக்குக்காக 0.8 ஹென்றி என்று வைத்துக்கொண்டோம். இது ரிலேக்கு ரிலே மாறும்; ஆர்மேச்சர் ஒட்டியிருக்கும்போது கூடும், விலகினால் குறையும். சுருளின் காந்தப்புலத்தில் சேர்ந்திருக்கும் ஆற்றல் ½LI², அதாவது 0.36 மில்லி ஜூல். மிகச் சிறிய அளவுதான். ஆனால் அது எவ்வளவு சிறிதானாலும் கால இடைவெளியே இல்லாமல் மறைய முடியாது. அப்படி மறைய எல்லையற்ற திறன் வேண்டும். V = L·di/dt சொல்வதும் இதைத்தான். மின்னோட்டம் ஒரே தாவலில் சுழிக்கு வர வேண்டுமென்றால் சுருளின் குறுக்கே எல்லையற்ற மின்னழுத்தம் எழ வேண்டும்.

டிரான்சிஸ்டர் வழியை அடைத்த பிறகும் அந்த 30 மில்லி ஆம்பியர் எங்காவது ஓடியாக வேண்டும். டயோடு இல்லாத பலகையில் அதற்குக் கிடைக்கும் ஒரே இடம், சுருளின் கம்பிச்சுற்றுகளிலும் டிரான்சிஸ்டரிலும் தானாகவே இருக்கும் சின்னக் கொள்ளளவு. அதை 100 பிக்கோஃபாரட் என்று கொண்டால், கலெக்டர் மின்னழுத்தம் மைக்ரோ விநாடிக்கு 300 வோல்ட் வீதம் ஏறும். தடுக்க எதுவும் இல்லையென்றால், சுருளின் ஆற்றல் முழுவதும் அந்தக் கொள்ளளவுக்குள் போய்ச் சேரும்வரை ஏறும். கணக்குப்படி 2,600 வோல்ட்டையும் தாண்டும். பிசி 547 தாங்குவது 45 வோல்ட்தான். அது ஒரு மைக்ரோ விநாடியின் சிறு பகுதிக்குள்ளேயே முறிவு நிலைக்குப் போய், ஆற்றலைத் தன் உடம்பில் வாங்கிக்கொள்கிறது. முதல் தடவையிலேயே செத்துவிடுவதில்லை என்பதுதான் இதில் ஏமாற்றுவது. மேசையில் சோதிக்கும்போது நன்றாக வேலை செய்யும் பலகை, பலமுறை இயங்கிய பிறகு வேறெங்கோ போய் நின்றுவிடும்.

தீர்வு எல்லோரும் அறிந்ததே. சுருளுக்குக் குறுக்கே 1என் 4007 டயோடு, பட்டை போட்ட முனை 12 வோல்ட் பக்கம். திருப்பிப் போட்டால், டிரான்சிஸ்டர் மின்சாரத்துக்கு வழிவிட்ட உடனே மின்வழங்கி டயோடு வழியாகக் குறுக்காகும், ஏதாவது ஒன்று எரியும். சரியாகப் போட்டால் கலெக்டர் 12.7 வோல்ட்டுக்கு மேல் போகாது.

இந்த இடத்தில் ஒரு கூட்டம் நெடுநேரம் நின்றது. எமிட்டருக்கும் தரைக்கும் நடுவே சிறு மின்தடை வைத்து ஆஸிலோஸ்கோப்பில் பார்த்தால், அணைத்ததும் மின்னோட்டம் செங்குத்தாகச் சுழிக்கு விழுகிறது. தூண்டியில் மின்னோட்டம் தாவாது என்கிறோமே, இது என்ன? கேள்வி நியாயமானது. அந்த மின்தடை காட்டுவது டிரான்சிஸ்டரின் மின்னோட்டத்தை. அது தாவலாம், தாவுகிறது. சுருளின் மின்னோட்டம் அதே கணத்தில் டயோடுக்கு மாறி ஓடிக்கொண்டிருக்கிறது. அதைப் பார்க்க வேண்டுமானால் 10 ஓம் மின்தடையைச் சுருளோடு தொடராக, டயோடு உண்டாக்கும் வளையத்துக்கு உள்ளே வைக்க வேண்டும். அதன் எந்த முனையும் தரையில் இல்லை. ஆகவே இரண்டு புரோபுகளை வைத்து, ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்துக் காட்டும்படி ஆஸிலோஸ்கோப்பை அமைக்க வேண்டும். அப்போது 300 மில்லி வோல்ட்டிலிருந்து வழுக்கி இறங்கும் வளைவு தெரியும்.

அந்த வழுக்கலுக்கும் ஒரு விலை உண்டு. L/R இங்கே 2 மில்லி விநாடி. 6 மில்லி ஆம்பியரில் ரிலே விடுபடும் என்று கொண்டால், டயோடு மட்டும் இருக்கும்போது அதற்கு ஏறக்குறைய 2.8 மில்லி விநாடி ஆகிறது. மின்னோட்டம் மெல்லக் குறைவதால் ஆர்மேச்சரும் தயங்கித்தான் விலகுகிறது. தொடுமுனைகளுக்கிடையே தீப்பொறி நீள்கிறது. டயோடுக்குத் தொடராக, எதிர்த் திசையில் ஒரு 24 வோல்ட் ஜீனரைச் சேர்த்தால் அதே இறக்கம் 0.6 மில்லி விநாடியில் முடிகிறது. சுருளின் குறுக்கே அதிக மின்னழுத்தத்தை அனுமதித்தால் மின்னோட்டம் வேகமாகக் குறையும், அவ்வளவுதான். கலெக்டர் 36.7 வோல்ட் வரை ஏறும். 45 வோல்ட் டிரான்சிஸ்டருக்கு அது போதுமான இடைவெளி. 30 வோல்ட் மட்டுமே தாங்கும் டிரான்சிஸ்டரை மாற்றிப் போட்டால் ஜீனர் காப்பாற்றாது.

இனி போடும் கணம். மின்தேக்கியில் ஆற்றல் ½CV², எனவே அதில் தாவ முடியாதது மின்னழுத்தம். தொடுமுனை மூடும்போது 1000 மைக்ரோஃபாரட் மின்தேக்கி வெறுமையாக, சுழி வோல்ட்டில் நிற்கிறது. அதனால் 12 வோல்ட் முழுவதும் வழியிலுள்ள மின்தடையின் மேல் விழுகிறது. கம்பி, மின்வழங்கி, மின்தேக்கியின் உள்மின்தடை எல்லாம் சேர்ந்து 0.1 ஓம் என்றால், முதல் கணத்தில் 120 ஆம்பியர். தொடுமுனை மூடும்போது துள்ளும். அந்தத் துள்ளலின் நடுவே இந்த வெள்ளம் பாய்ந்தால் உலோகம் உருகி ஒட்டிக்கொள்கிறது. சுமை சாதாரணமாக எடுப்பது அரை ஆம்பியர்தானே, 10 ஆம்பியர் ரிலே போதாதா என்று எண்ணுகிற இடம் இதுதான்.

நிறைந்ததும் மின்தேக்கியில் சேர்வது 72 மில்லி ஜூல். வழியில் வெப்பமாவதும் சரியாக 72 மில்லி ஜூல், மின்தடை எதுவானாலும். ஆகவே மின்தடையைக் கூட்டினால் வெப்பம் கூடுவதில்லை. வெப்பமாகும் இடம் தொடுமுனையை விட்டு மின்தடைக்கு நகர்கிறது, காலமும் நீள்கிறது. 10 ஓம் கம்பிச்சுற்று மின்தடையைத் தொடராக வைத்தால் உச்சம் 1.2 ஆம்பியர். 50 மில்லி விநாடியில் மின்தேக்கி ஏறக்குறைய நிறைந்துவிடும். பிறகு அந்த மின்தடையை இரண்டாவது ரிலே ஒன்றால் தாண்டிவிடலாம்.

இதில் பலரும் தவறியது, இரண்டாவது ரிலேயை மூடும் வேளைக்கு நேரக்கணிப்பியை நம்பியதில். மின்தேக்கி நிறையும்போதே சுமை அரை ஆம்பியர் இழுத்தால், 10 ஓமில் 5 வோல்ட் இழந்து மின்தேக்கி 7 வோல்ட்டிலேயே நின்றுவிடும். எவ்வளவு காத்திருந்தாலும் ஏறாது. அந்நிலையில் இரண்டாவது ரிலே மூடினால் மீதி 5 வோல்ட் 0.1 ஓமில் விழுந்து 50 ஆம்பியர் பாயும், இம்முறை ஒட்டுவது அந்த ரிலே. எனவே நேரத்தைப் பார்க்காமல் மின்தேக்கியின் மின்னழுத்தத்தைப் பார்த்து, 11.5 வோல்ட்டைத் தொட்ட பின்னரே தாண்டவும், அதுவரை சுமையை இயங்கவிடாமல் நிறுத்தவும் பலகை திருத்தப்பட்டது. அப்போது மிஞ்சும் அரை வோல்ட்டால் பாய்வது 5 ஆம்பியர்தான்.

திருத்திய வரைபடம் உறுப்பினர்களுக்குத் தரப்படும். வரும் ஆண்டில் இதே அளவீடுகளை 24 வோல்ட் ரிலேயில் செய்து பார்க்கச் செயற்குழு முன்மொழிகிறது. அங்கே ஜீனரை வைத்தால் கலெக்டர் 48.7 வோல்ட்டுக்குப் போகும் என்பதால் பிசி 547 பயன்படாது. 65 வோல்ட் தாங்கும் பிசி 546 வாங்க ஒப்புதல் வேண்டும். வரவு செலவு அறிக்கையைப் பொருளாளர் அடுத்து வாசிப்பார்.

செயலாளர்