நாய்க்குப் பாடிய தாலாட்டு: துணை நின்றவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

வீட்டில் வளர்ந்த நாயோ பூனையோ இறந்துபோனால், பத்துப் பேருக்குள் உட்கார்ந்து மெதுவாகப் பாடிக்கொள்ளும்படி சில பாடல்களைக் கட்டித் தருவதுதான் எங்கள் வேலை. அந்தப் பாடல்கள் பாடத்தக்கவையாக அமைந்ததற்குக் காரணமானவர்கள் பலர். பெயர் போட வேண்டாம் என்று அவர்களே கேட்டுக்கொண்டதால், அவரவர் செய்த உதவியைச் சொல்லியே நன்றி கூறுகிறோம். அந்த உதவிகள் மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால் சற்று விவரமாகவே எழுதுகிறோம்.

முதல் நன்றி ஒப்பாரி பாடும் அந்த அம்மாவுக்கு. இழப்புக்கான பாட்டு என்றதும் எல்லோருக்கும் ஒப்பாரிதான் நினைவுக்கு வரும். அவர்தான், "இது நாலு பேர் எதிர்ப்பாட்டு எடுத்தாத்தான் நிக்கும். கூடத்துல தனியா உக்காந்து முணுமுணுக்கிறதுக்குத் தாலாட்டுதான் சரி" என்று திருப்பிவிட்டார். ஒப்பாரி ஊரைக் கூட்டும் பாட்டு. மேல்குரலில் எடுத்து, மாரடித்து, வரிக்கு வரி அழுகையை ஏற்றிக்கொண்டு போகும். தாலாட்டு தொட்டிலின் ஆட்டத்துக்கு அளவெடுத்தது. குரல் தாழ்ந்தே இருக்கும், ஒருவர் பாடினாலும் போதும். ஆனால் இறந்தவர் செய்த காரியங்களை ஒவ்வொன்றாகச் சொல்லும் வழக்கத்தை மட்டும் ஒப்பாரியிலிருந்து எடுத்துக்கொள்ளச் சொன்னார். எங்கள் பாடல்கள் எல்லாம் அந்த ஒரு யோசனையின் மேல்தான் நிற்கின்றன.

அதையே வேறு வழியாகக் காட்டிய தமிழாசிரியருக்கும் நன்றி. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. 7ஆம் நூற்றாண்டுக் கல். வீரனுக்குப் பக்கத்தில் அவனுடைய நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்ற அதன் பெயரும், கள்ளரைக் கடித்துக் காத்து நின்றது என்ற செய்தியும் கல்லிலே இருக்கின்றன. பெயர் ஒன்று, செயல் ஒன்று, அவ்வளவுதான். 'பாசமுள்ள நாய்' என்று அதில் எங்கும் இல்லை.

இதை வைத்துப் பார்த்தபோதுதான் முதலில் எழுதிய பாடல்கள் ஏன் ஒட்டவில்லை என்பது தெரிந்தது. மணி என்ற நாட்டு நாய்க்கு முதலில் வந்த வரிகள் இவை:

அன்பே எங்கள் ஆருயிரே எங்கே நீ சென்றாயோ
உன்பிரிவால் உள்ளமெல்லாம் உருகுதடா மணியே

எதுகை இருக்கிறது, ஓசையும் இருக்கிறது. ஆனால் பெயரை மாற்றினால் எந்த நாய்க்கும் பாடலாம், சினிமாக் கதாநாயகனுக்கும் பாடலாம். பாடிப் பார்த்த வீட்டாருக்கு மணியின் முகம் வரவில்லை. பிறகு அவர்களிடம் மூன்றே கேள்விகள் கேட்டோம்: எங்கே படுக்கும், எந்தச் சத்தத்துக்கு எழுந்து ஓடும், எதை விரும்பித் தின்னும்? அந்தப் பதில்களில் இருந்தே வரிகள் வந்தன:

கேட்டுச்சத்தம் கேட்குமுன்னே கிளம்பிவரும் மணியே
கிண்ணத்துல தயிருசோறு காஞ்சிருக்கு மணியே
மாடிப்படி மூணாம்படி உன்னிடந்தான் மணியே
மத்தியான வெயிலங்கே படுத்திருக்கு மணியே

வரிக்கு நாலு சீர், சீருக்கு ஒரு தொட்டில் ஆட்டம். ஆட்டத்துக்கு ஏறக்குறைய இரண்டு விநாடி என்று வைத்தால் ஒரு வரிக்கு எட்டு விநாடி ஆகும். முன்னும் பின்னும் 'ஆராரோ ஆரிரரோ' இரண்டிரண்டு வரி, நடுவில் ஒவ்வொரு வரியும் இருமுறை, இரண்டு வரிக்கு ஒருதரம் சுருதி மட்டும் ஒலிக்கும் ஒரு வரி இடைவெளி. எல்லாம் சேர்ந்து இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். இதற்கு மேல் நீட்டினால் கேட்பவர்கள் பாட்டை விட்டுவிட்டுப் பாடுபவரைப் பார்த்துப் பதற ஆரம்பிக்கிறார்கள். பதில் தந்த மணியின் வீட்டாருக்கு, குறிப்பாக அந்த மூன்றாம் படியைச் சொன்ன பாட்டிக்கு, எங்கள் வணக்கம்.

பெயர் வரியின் கடைசியில் வருவதற்கும் காரணம் இருக்கிறது. தொண்டை அடைப்பது எப்போதும் பெயரில்தான். பெயர் வரியின் தொடக்கத்தில் இருந்தால் அடுத்து வரும் மூன்று சீரும் போய்விடும். கடைசியில் இருந்தால் பாடியவர் நிறுத்திக்கொள்ளலாம், பக்கத்தில் இருப்பவர் 'மணியே' என்று முடித்துக் கொடுக்கலாம், அல்லது வாயை மூடி 'ம்' என்று முனகினாலும் மெட்டு அறுந்துபோகாது. எல்லாப் பெயரும் மணியைப் போல் வசதியாக அமையாது. ஜிம்மி, டாமி போன்றவை 'யே' சேர்ந்து நீளும். டைகர் 'டைகரே' ஆகும். ராக்கி இழுபடும், வெறும் 'ராக்' பட்டென்று முடிந்துவிடும். அப்படிப்பட்ட பெயர்களுக்கு வீட்டில் கொஞ்சிக் கூப்பிட்ட பெயர் என்ன என்று கேட்டு அதைப் போடுவதே நல்லது. பெரும்பாலும் அதில் ஒரு 'குட்டி'யோ 'செல்ல'மோ ஒட்டிக்கொண்டிருக்கும்.

மெட்டு அமைத்துத் தந்த வீணை ஆசிரியைக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். வந்தவர்களில் பலர் முகாரியைத்தான் கேட்டார்கள். முகாரி என்றாலே அழுகை என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது, கச்சேரியில் அதே ராகத்தில் அழுகைக்குச் சம்பந்தமே இல்லாத கீர்த்தனைகளைக் கேட்டுக்கொண்டே! அவர் தேர்ந்தது நீலாம்பரி. தாலாட்டுக்கென்றே பெயர்பெற்ற ராகம் என்பது ஒரு பக்கம். அவர் சொன்ன காரணம் வேறு: அதன் கரிகஸ என்ற இறக்கம் அசைந்து அசைந்தே வரும், அதனால் துக்கத்தில் குரல் நடுங்கினாலும் அது ராகத்தின் அசைவோடு கலந்துவிடும். நேர்சுரங்களாக நிற்கும் மெட்டில் அதே நடுக்கம் சுருதி விலகலாகத் தெரியும். ஒரு குறையும் உண்டு. சாதாரண கீபோர்டில் கட்டைகளை அமுக்கி வாசித்தால் இழைவு வராது. நீலாம்பரி சங்கராபரணத்தின் துண்டு போல ஆகிவிடும். வீணை, வயலின், புல்லாங்குழல் எதுவும் இல்லையென்றால் சுருதிப் பெட்டி மட்டும் போதும்.

சுருதியை இறக்கச் சொன்னதும் அவரே. அழுகை வரும்போது தொண்டை இறுகுகிறது, முதலில் போவது மேல் சுரங்கள். ஐந்து கட்டையில் பாடும் பெண் நாலு கட்டைக்கு வந்துவிட வேண்டும். மெட்டும் பஞ்சமத்துக்கு மேல் போகாமல், போனாலும் தைவதத்தைத் தொட்டுத் திரும்பிவிட வேண்டும். மேல் சட்ஜமத்துக்கு ஏறும் மெட்டு ஒத்திகையில் அழகாகத்தான் இருக்கும். அன்றைக்குப் பாடும்போது அங்கேதான் உடையும்.

குழந்தைகளோடு பழகும் மனநல ஆலோசகர் ஒருவர் ஒரு சொல்லை எடுக்கச் சொன்னார். தாலாட்டு என்றாலே 'தூங்கு', 'கண்ணுறங்கு' தானாக வந்து விழும். நாலைந்து வயதுப் பிள்ளை அதை அப்படியே எடுத்துக்கொள்ளும். எப்போது எழுந்திருக்கும் என்று கேட்கும், சில பிள்ளைகள் தாங்கள் தூங்கவே பயப்படும். ஆகவே எங்கள் தாலாட்டுகளில் தூக்கம் கிடையாது. 'ஆராரோ' இருக்கலாம், அது வெறும் ஓசை. பிள்ளைகள் இருக்கும் வீட்டில் பாட்டுக்கு முன்னால் யாராவது 'மணி செத்துப்போச்சு, இனி வராது' என்று தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். கடுமையாகத் தோன்றினாலும் சொல்லத்தான் வேண்டும், பாட்டு அந்த வேலையைச் செய்யாது.

கால்நடை மருத்துவர் ஒருவர் கவனப்படுத்தியது, வீட்டில் மிச்சமிருக்கும் பிராணிகளை. இறந்த நாயின் குரைப்பைப் பழைய வீடியோவிலிருந்து எடுத்துப் பாட்டில் சேர்க்க ஆசைப்படுவார்கள், கழுத்துப்பட்டை மணியைத் தாளமாக ஆட்டுவார்கள். கூட வளர்ந்த நாய் அதைக் கேட்டு வாசலுக்கும் கொல்லைக்கும் ஓடித் தேட ஆரம்பிக்கலாம். அதன் பிறகு அந்த அறையில் யாரும் பாட முடியாது. கழுத்துப்பட்டையை ஒலிக்காதபடி துணியில் சுற்றி வைத்தாலே போதும். நாய்க் காதுக்கு நம்மைவிட அதிக கீச்சொலி கேட்கும் என்பதால் ஜால்ராவையும் விட்டுவிட்டோம். தாளத்துக்குத் தொடையில் உள்ளங்கையால் தட்டுவதே போதுமானது.

ஒலிப்பதிவில் கைகொடுத்த தம்பிக்குக் கடைசியாக, ஆனால் நிறையவே, கடன்பட்டிருக்கிறோம். வெளியூரில் இருக்கும் மகனோ மகளோ கேட்க வேண்டும் என்று பலரும் வீடியோ அழைப்பிலேயே பாடுகிறார்கள். அழைப்புச் செயலிகள் பேச்சை மட்டும் காப்பாற்றும்படி அமைந்தவை. விடாமல் ஒரே சீராக ஒலிக்கும் தம்பூராவை மின்விசிறிச் சத்தம் என்று எண்ணி வெட்டிவிடும், மெல்லிய முனகலும் விட்டு விட்டுத்தான் போகும். அவர் காட்டிய வழி எளிது. போனிலுள்ள ஒலிப்பதிவுச் செயலியில் பதிந்து, கோப்பாகவே அனுப்பிவிடுங்கள். போன் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, நேர் எதிரே இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் இருக்கட்டும். சுருதி ஒலிக்கும் இன்னொரு போன் ஆறடி தள்ளி இருக்கட்டும். மின்விசிறியை நிறுத்துங்கள். மூச்சிழுக்கும் ஓசையை அவர் எந்தப் பதிவிலும் வெட்டவில்லை. விசும்பல் வந்த இடங்களை மட்டும் வீட்டாரிடம் கேட்டு, அவர்கள் சொன்னபடி அப்படியே வைத்தார் அல்லது நீக்கினார். அப்படியே இருக்கட்டும் என்று சொன்னவர்களே அதிகம்.

வரி தந்தும், பெயர் மட்டும் வெளியே பாடப்பட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட குடும்பங்களுக்கும் நன்றி. உங்கள் பாடல்களில் பெயர் வரும் இடத்தில் சுருதி மட்டுமே ஒலிக்கிறது. மற்றவர்கள் அங்கே தங்கள் வீட்டுப் பெயரை வைத்துப் பாடிக்கொள்கிறார்கள்.

இப்படிக்கு,
பாடல் தொகுப்புக் குழுவினர்