பாதாம் பாலுக்கு மாறிய மகளுக்கு

அன்புள்ள கண்ணம்மா,

பசும்பால் குடித்தால் வயிறு உப்புகிறது என்று அதை விட்டுவிட்டாய், காலையில் பாதாம் பால், சாயந்தரம் ஓட்ஸ் பாலில் காப்பி என்று அம்மா சொன்னாள். விட்டது தவறில்லை. ஆனால் நீ சைவம். கோலாலம்பூரில் தனியாக இருந்துகொண்டு, வேலை நாளில் மதியம் ஏதோ ஒன்றைச் சாப்பிட்டு ஓடுகிறவள். உன் புரதத்தில் பெரிய பங்கு அந்த இரண்டு கிளாஸ் பாலிலிருந்துதான் வந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

250 மில்லி பசும்பாலில் ஏறக்குறைய 8 கிராம் புரதமும் 300 மில்லிகிராம் கால்சியமும் இருக்கும். இரண்டு கிளாஸுக்கு 16 கிராம், 600 மில்லிகிராம். இப்போது உன் பாதாம் பெட்டியைத் திருப்பிப் பார். பாதாம் 2 அல்லது 2.5 விழுக்காடு என்று போட்டிருக்கும். அப்படியென்றால் ஒரு கிளாஸில் 5, 6 கிராம் பாதாம், அதாவது நான்கைந்து பருப்பு. மீதி எல்லாம் தண்ணீர். நான்கைந்து பருப்பில் எவ்வளவு புரதம் வரும்? ஒரு கிராம். பாதாம் சத்தான பருப்புதான், ஆனால் அந்தப் பெட்டியில் அது கொஞ்சம்தான் இருக்கிறது.

ஓட்ஸ் பால் பரவாயில்லை, கிளாஸுக்கு இரண்டு, இரண்டரை கிராம் வரும். ஓட்ஸின் மாவுச்சத்தை என்சைம் போட்டு உடைப்பதால் சர்க்கரை சேர்க்காமலே இனிக்கும், காப்பியிலும் நன்றாகக் கலக்கும். உனக்குப் பிடித்ததும் அதனால்தான் இருக்கும். ஆனாலும் இரண்டையும் கூட்டினால் மூன்றரை கிராம்தான். முன்பு 16. உனக்கு ஒரு நாளைக்கு வேண்டியது சுமார் 50 கிராம் என்று வைத்துக்கொண்டால், கால் பங்கு சத்தமில்லாமல் போய்விட்டது. ஓட்ஸிலும் பாதாமிலும் லைசின் என்கிற அமினோ அமிலமும் குறைவு. பருப்பு, சோயாவில் செய்த தெம்பே, தாஹூ சாப்பிடும் நாளில் அது சரியாகிவிடும், சாப்பிடாத நாளில் ஆகாது.

புரதத்தில் பசும்பாலுக்குப் பக்கத்தில் நிற்பது பெரும்பாலும் சோயாதான். நல்ல சோயா பாலில் 100 மில்லிக்கு 3 கிராம் இருக்கும், தரமும் பால் புரதத்துக்கு நெருக்கம். கடையில் எடுக்கும்போது அந்த 3 என்ற எண்ணைத் தேடு. நம் ஊர் பசார் மாலாமில் பிளாஸ்டிக் பையில் கட்டித் தரும் ஆயர் சோயாவை இந்தக் கணக்கில் சேர்க்காதே. எவ்வளவு தண்ணீர் விட்டார்கள் என்று தெரியாது, சர்க்கரையும் அதிகம். ஆசைக்குக் குடி, போதும்.

கால்சியம் வேறு கதை. இந்த மூன்றிலுமே இயற்கையாக இருப்பது சொற்பம். தொழிற்சாலையில் சேர்த்தால்தான் உண்டு. சேர்த்திருந்தால் பெரும்பாலும் 100 மில்லிக்கு 120 மில்லிகிராம் என்று போட்டிருப்பார்கள், அது பசும்பாலுக்குச் சமம். ஆர்கானிக் என்று வரும் பல பெட்டிகளில் சேர்ப்பதில்லை. பொருள் பட்டியலில் கால்சியம் கார்பனேட் அல்லது ட்ரைகால்சியம் பாஸ்பேட் என்ற பெயர் இருக்கிறதா என்று பார்.

பெயர் இருந்தால் மட்டும் போதாது, கண்ணம்மா. பிறையில் உணவுத் தொழிற்சாலை ஆய்வுக்கூடத்தில் வேலை செய்தவன் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். இந்த உப்புகள் பாலில் கரைவதில்லை, நுண்ணிய தூளாக மிதக்கின்றன. பெட்டி ஃபிரிட்ஜில் நிற்க நிற்க அடியில் படியும். குலுக்காமல் ஊற்றினால் முதல் கிளாஸில் லேபிளில் உள்ள கால்சியம் இருக்காது. தீர்ந்த பெட்டியைக் கத்தரியால் வெட்டிப் பார். அடியில் வெள்ளையாகச் சுண்ணாம்புக் குழம்பு மாதிரி ஒட்டியிருந்தால், நீ காசு கொடுத்து வாங்கிய கால்சியம் அங்கேதான் கிடக்கிறது. ஒவ்வொரு தடவையும், மூடியைத் திறக்கும் முன், தலைகீழாகப் பிடித்து நன்றாகக் குலுக்கு. காப்பிக் கடையில் குலுக்கினார்களா, எந்தப் பெட்டி என்று உனக்குத் தெரியாது, அதனால் வெளியே குடிக்கும் காப்பியைக் கால்சியம் கணக்கில் வைக்காதே.

சரி, என்ன செய்யலாம்? காலையில் பாதாமுக்குப் பதில் கால்சியம் சேர்த்த, சர்க்கரை இல்லாத சோயா. சாயந்தரக் காப்பிக்கு ஓட்ஸ் இருக்கட்டும். புரதம் 10 கிராமுக்கு ஏறிவிடும். மீதிக்கு இரவில் ஒரு துண்டு தாஹூ. ஜிப்சம் என்கிற கால்சியம் உப்பு போட்டு உறைய வைத்த தாஹூவாக இருந்தால் அதிலேயே கால்சியமும் நிறைய.

இன்னொன்று. உப்புசம் லாக்டோஸ் என்கிற பால் சர்க்கரையால் வந்ததென்றால் பசும்பாலையே முழுக்க விட வேண்டியதில்லை. லாக்டோஸ் நீக்கிய பாலில் புரதமும் கால்சியமும் அப்படியே இருக்கும், தயிர் பலருக்கு ஒத்துக்கொள்ளும். தோலில் தடிப்பு, மூச்சிரைப்பு ஏதாவது வந்திருந்தால் அது பால் ஒவ்வாமையாக இருக்கலாம். அப்போது லாக்டோஸ் நீக்கிய பாலையும் தயிரையும் தொடாதே, டாக்டரிடம் போ.

இப்போது வாங்கும் இரண்டு பெட்டிகளின் பின்பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பு. பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா
ஜெலுத்தோங், பினாங்கு