கன்னியாவுக்கு நடந்து போக முடியாது

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு இதழில் வெளிநாட்டுப் பயணிகளுக்கான அரை நாள் நடைச் சுற்றுலா விளம்பரம் ஒன்று வந்திருந்தது. காலை 9 மணி முதல் பிற்பகல் 1 மணி வரை, ஒரு குழுவில் 25 பேர் வரை, ஒருவருக்கு 45 அமெரிக்க டொலர், அனைத்தும் உட்பட என்று போட்டிருந்தார்கள். எல்லாவற்றையும் விட என் மனதைச் சுட்டது அதில் இருந்த ஒரு வரி: "கோணேசர் கோவிலிலிருந்து கன்னியா வெந்நீர் ஊற்றுக்கு இனிய நடை."

திருகோணமலையை நன்கு அறிந்த தங்களுக்கு நான் தூரம் சொல்லத் தேவையில்லை. கன்னியா நகரிலிருந்து ஏறக்குறைய 8 கிலோமீற்றர். அநுராதபுரம் வீதியில் போய்த் திரும்ப வேண்டும், வழியில் நிழல் குறைவு. வயதானவர்களும் பிள்ளைகளும் கலந்த ஒரு குழு மணிக்கு நான்கு கிலோமீற்றர் நடந்தாலே பெரிய காரியம். அப்படியானால் போகவே இரண்டு மணித்தியாலம். விளம்பரம் அதற்கு அரை மணித்தியாலம் ஒதுக்கியிருக்கிறது. ஆனி, ஆடியில் கச்சான் வீசும் நாளில் முற்பகல் பதினொரு மணிக்கு அந்த வீதியில் ஆட்களை நடத்திச் செல்பவர், முதல் ஆள் தலைசுற்றி உட்காரும்போது என்ன செய்வார் என்பதை விளம்பரம் சொல்லவில்லை. கன்னியா பார்க்க வேண்டிய இடம்தான். ஏழு கிணறுகளிலும் சூடு வேறு வேறாக இருப்பதைக் கை வைத்துப் பார்க்கலாம், வாளியால் அள்ளிக் குளிக்கலாம். ஆனால் அது ஓட்டோவில் போகும் தனிப் பயணம், நடையில் சேராது.

அடுத்தது நேரம். ஒன்பது மணிக்குத் தொடங்கி மீன் சந்தையை பத்தரைக்குக் காட்டுவதாக எழுதியிருக்கிறார்கள். அந்த நேரத்தில் அங்கே கழுவிவிட்ட தளமும் பூனைகளும்தான் இருக்கும். பாரையும் சூரையும் அறக்குளாவும் பலகையில் கிடந்து, ஏலக் குரல் கேட்பது விடியலில். கோவில் முற்றத்தின் கல்லும் அப்படித்தான். பாதணி இல்லாமல்தான் நிற்க வேண்டும். எட்டு மணிக்கு அந்தக் கல் குளிர்ச்சி, பத்தரைக்கு மேல் பழக்கமில்லாத பாதம் ஒரு நிமிடம் தாங்காது. இராவணன் வெட்டை எட்டிப் பார்க்க வந்தவர்கள் நிழலுக்கு ஓடிவிட்டு, ஒன்றும் பார்க்காமலே இறங்குவதை இங்குள்ள கடைக்காரர்கள் தினமும் பார்க்கிறார்கள்.

அரை நாளை ஒழுங்காக நடத்த வேண்டுமென்றால் காலை 6.15க்கு பஸ் நிலையத்தடியில் கூட வேண்டும். சந்தைக்கு நாற்பது நிமிடம், கோட்டை வாசலுக்கு நடக்க இருபது நிமிடம், வாசலில் கால் மணித்தியாலம். அங்கிருந்து கோவில் ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் ஏற்றம். நின்று நின்று போனால் முப்பத்தைந்து நிமிடம் ஆகும், எட்டு மணி கடந்ததும் கோவிலில் நிற்கலாம். அங்கே ஒரு மணித்தியாலம். இறங்கி வர இருபத்தைந்து நிமிடம், டச்சுக் குடாப் பக்கம் தேநீருக்கு இருபது நிமிடம், பத்திரகாளி அம்மன் கோவிலுக்கும் பழைய புனித ஸ்தேவான் கல்லறைத் தோட்டத்துக்கும் நாற்பது நிமிடம். பத்தரைக்கு முடிந்துவிடும். மொத்த நடை ஐந்து கிலோமீற்றருக்குள் அடங்கும்.

இப்போது 25 பேர். பிரட்ரிக் கோட்டை வாசல் ஒடுக்கமானது, கோவிலுக்குப் போகும் வாகனங்களும் அதற்குள்ளால்தான் நுழைகின்றன. அந்த வாசல் கல்லில்தான் இரட்டைக் கயலும் சிதைந்த தமிழ்க் கல்வெட்டும் இருக்கின்றன. 1622இல் போர்த்துக்கேயர் கோவிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டே கோட்டை கட்டினார்கள் என்பதை அந்த ஒரு கல்லை விரலால் காட்டித்தான் விளக்க முடியும். எட்டுப் பேர் என்றால் ஓரமாக ஒதுங்கி நிற்கலாம். இருபத்தைந்து பேர் நின்றால் வீதி அடைபடும், காவலில் நிற்கும் ஆமிக்காரர் நகரச் சொல்வார், பின்வரிசைக்குக் கல்லே தெரியாது. மேலே மலை விளிம்பில் கடற்காற்று குரலைக் கொண்டுபோய்விடும். பத்தாவது ஆளுக்கு ஒன்றும் கேட்காது. கேட்கட்டும் என்று ஒலிபெருக்கி பிடித்தால், பூசைக்கு வந்து நிற்கும் நம் சனத்துக்கு அதைவிட அவமதிப்பு வேறில்லை. எட்டுக்கு இன்னொரு காரணமும் உண்டு. யாருக்காவது இயலாமல் போனால் மூன்று ஓட்டோவில் எட்டு விருந்தினரும் வழிகாட்டியுமாக ஒன்பது பேரும் ஒன்றாகத் திரும்பிவிடலாம்.

இது முதல் விளம்பரம் அல்ல ஐயா, அதனால்தான் மனம் கூடுதலாக நோகிறது. முன்பு வந்த ஒன்றில் ஹூட்ஸ் கோபுரத்தை நடைவழியில் சேர்த்திருந்தார்கள். அது கடற்படைத் தளத்துக்குள் இருக்கிறது, முன் அனுமதி இல்லாமல் வாசலைத் தாண்ட முடியாது. வேறொன்று கோட்டையை "ஒல்லாந்தர் கட்டியது" என்று ஒரே வரியில் முடித்தது. திருஞானசம்பந்தர் பாடிய தலத்தை "அழகிய காட்சிமுனை" என்று எழுதினார்கள். அரைக்காற்சட்டையோடு வந்தவர்களைக் கோவில் வாசலில் மறித்தபோது சங்கடப்பட்டவர்கள் அந்த விருந்தினர்களும் கோவில்காரர்களும்தான், விளம்பரம் கொடுத்தவர் அங்கே இல்லை. இரண்டு சாரம் பையில் வைத்திருந்தால் தீர்ந்திருக்கும். கோட்டைக்குள் மான்களுக்குப் பொலித்தீனோடு தீன் எறியக் கூடாது, இராணுவக் கட்டடங்களைப் படம் எடுக்கக் கூடாது என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும் என்பதும் யாருக்கும் தோன்றவில்லை.

விலையைப் பற்றி ஒரு சொல். 45 டொலர் கூடுதலா குறைவா என்று நான் வாதிட வரவில்லை. "அனைத்தும் உட்பட" என்றால் எவை என்று சொல்ல வேண்டும். கோவிலுக்கு நுழைவுச் சீட்டு கிடையாது, ஆகவே அதைச் சேர்த்த கணக்கு காட்ட முடியாது. அர்ச்சனை செய்ய விரும்புபவர் தன் காசில் செய்வார். மிஞ்சுவது வழிகாட்டியின் கூலி, ஆளுக்கு ஒரு லீற்றர் தண்ணீர், தேநீர், திரும்பும் ஓட்டோ. இரண்டு பேர் மட்டும் வந்தால் நடை நடக்குமா, அதே விலையா? மழையில் நின்றுபோனால் பணம் திரும்புமா? கார்த்திகை, மார்கழியில் இது கட்டாயம் எழும் கேள்வி. "எட்டுப் பேர் வரை, ஒருவருக்கு 25 டொலர், நான்கு பேருக்குக் குறைந்தால் முழுக் குழுவுக்கும் 100 டொலர், தண்ணீர், தேநீர், திரும்பும் ஓட்டோ உட்பட, மழையென்றால் மறுநாள் அல்லது முழுப் பணமும் திரும்ப" என்று இரண்டு வரியில் எழுதினால் யாருக்கும் சண்டை வராது.

தங்களிடம் நான் கேட்பது சிறியது. இத்தகைய விளம்பரத்தை ஏற்கும்போது நடையின் மொத்தத் தூரம், தொடங்கும் நேரம், குழுவின் ஆகக் கூடிய, ஆகக் குறைந்த எண்ணிக்கை, விலையில் அடங்குபவை, சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபை வழங்கிய வழிகாட்டி உரிம இலக்கம் ஆகிய ஐந்தையும் கேட்டு வாங்கிப் போடுங்கள். அடுத்த ஞாயிறு அதே விளம்பரம் திரும்ப வருமானால், கன்னியா வரியையாவது எடுத்துவிடச் சொல்லுங்கள்.

இங்ஙனம்,
பிரதேசச் சுற்றுலா வழிகாட்டி ஒருவர்,
திருகோணமலை.